கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு: ரத்தக்கட்டா, வேரிலிருந்து வரும் நிறமா?

"ஐயா, எங்கள் அம்மாவுக்கு வயது 53. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். வலது கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கோடு, இரண்டு மாதமாக இருக்கிறது. பாறையில் அடிபட்ட ரத்தக்கட்டு என்கிறார். வலி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கேன்சராக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். நான் தம்மாமில் இருக்கிறேன், ஊருக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை பொறுக்கலாமா?"

தம்பி, அது ரத்தக்கட்டுதான் என்று தெளிவாகத் தெரிந்தால் பொறுக்கலாம். நகத்தின் வேரிலிருந்து வரும் நிறக்கோடு என்றால், அம்மாவின் வயதுக்கும் அந்த விரலுக்கும் நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே யாராவது கூட்டிப் போகட்டும். இரண்டில் எது என்பதை அங்கிருந்தபடியே ஓரளவுக்குக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு நல்ல போட்டோவும் ஒரு சின்னக் கணக்கும் போதும்.

முதலில் கணக்கு. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். வயது ஏறினால் கொஞ்சம் குறையும். அடியிலிருந்து நுனிவரை ஒரு நகம் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய 6 மாதம் ஆகும். கால் பெருவிரல் நகம் மந்தம், ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால் நகம் நகர நகர அதுவும் கூடவே நகரும். அதற்குப் பின்னால், தோலை ஒட்டி, சுத்தமான புது நகம் எட்டிப் பார்க்கும். இரண்டு மாதத்துக்கு முன் பட்ட அடி என்றால் இன்றைக்குக் கறுப்புக்கும் தோலுக்கும் நடுவே 4, 5 மி.மீ. வெள்ளை இடைவெளி இருக்க வேண்டும். நகத்தின் வேர் தோலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. அடி அங்கேயே பட்டிருந்தால் வெளியே வரச் சில வாரம் கூடுதலாகும், இடைவெளியும் குறைவாக இருக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் கோடு தோலுக்குள்ளிருந்து நேராகப் புறப்பட்டு நுனிவரை அறுபடாமல் ஓடினால், அதை ஒரு நாள் பட்ட அடியின் ரத்தம் என்று சொல்ல முடியாது. அப்படி ஓடும் கோட்டுக்கு வேரிலிருந்து யாரோ தினமும் மை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த மை மெலனின், நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே நிறமி. நகத்தின் வேரில் அதைச் செய்யும் அணுக்கள் எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஓர் இடத்தில் விழித்துக்கொண்டால், அங்கிருந்து வளரும் நகம் நிறம் ஏறியே வளரும். நகம் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தப் புள்ளி கோடாகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். நம்மைப் போன்ற மாநிற, கறுப்பு நிறத்தவர்களிடம் இப்படி விழிப்பது சாதாரணம், வயது ஏற ஏறக் கூடும். பல விரல்களில், மெல்லியதாக, ஒரே சீரான பழுப்பில், வருஷக்கணக்காக மாறாமல் இருக்கும் கோடுகளைப் பார்த்து யாரும் தூக்கம் கெட வேண்டாம். கர்ப்பத்தில் வரும். பி12 குறைந்தவர்களுக்கு வரும். அவர்களுக்கு விரல் மொளிகளும் சேர்ந்து கறுத்திருக்கும், ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் மெல்ல வெளுக்கும். புற்றுநோய்க்கான சில மருந்துகளும், எச்ஐவிக்குக் கொடுக்கும் ஜிடோவுடினும் நகங்களில் கோடு போடும். நகத்தைக் கடிப்பது, ஓயாமல் உரசுவது போன்றவையும் அணுக்களை எழுப்பிவிடும்.

உங்கள் அம்மாவின் தொழிலில் உரசலுக்குப் பஞ்சமில்லை. பாறையோடு ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பிடுங்க வேண்டும். விரல் கிழியாமலிருக்கக் கந்தல் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். அதனால் "பாறையில் பட்டது" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்கத் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், கடற்கரையில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் நகத்தில் எப்போதோ ஓர் அடி பட்டிருக்கும். அடி உண்மையாகவே இருக்கலாம்; அந்தக் கோட்டுக்கு அதுதான் காரணம் என்று அதனால் ஆகிவிடாது. நான் பார்த்தவரையில் ஆபத்தான நகங்கள் தாமதமானதற்கு முதல் காரணம் இந்த அடிபட்ட கதைதான்.

ஒருவரைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். தொண்டிப் பக்கம் வலை பின்னுபவர், 60 வயதைத் தாண்டியவர். என்னிடம் வந்தது காலில் அரிப்புக்கு. மருந்துச் சீட்டை வாங்கக் கை நீட்டினார், வலது கட்டைவிரல் நகத்தில் கருங்கோடு. கேட்டேன். "அது போன தீபாவளிக்குக் கதவிடுக்கில் நசுங்கினது டாக்டர்" என்றார். அப்போது ஆடி மாதம். தீபாவளியிலிருந்து ஆடிக்கு 9 மாதம். தீபாவளியன்று இருந்த நகம் முழுவதும் வெட்டி எறிந்தே மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். அதில் ஒட்டிய ரத்தமும் கூடவே போயிருக்க வேண்டும்.

ஸ்கேலை வைத்து அளந்தேன். நுனியில் கோட்டின் அகலம் 2 மி.மீ., தோலை ஒட்டி நாலரை மி.மீ. இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். நகத்தின் நுனி ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் வேரிலிருந்து கிளம்பியது, அடிப்பகுதி சில வாரத்துக்கு முன்னால்தான் கிளம்பியது. நுனி குறுகி அடி அகன்றிருந்தால், வேரில் நிறம் ஊற்றும் இடம் அந்த ஐந்தாறு மாதத்தில் அகன்றிருக்கிறது என்று நகமே சொல்கிறது. இவருக்கு இரண்டு மடங்குக்கு மேல். பழைய போட்டோ எதுவும் தேவைப்படவில்லை. மச்சமோ வெறும் விழித்த அணுக்களோ என்றால் கோட்டின் இரண்டு ஓரமும் தண்டவாளம் மாதிரி பெரும்பாலும் ஒரே இடைவெளியில் ஓடும். குழந்தைகளுக்கு இது முழுதாகப் பொருந்தாது. அவர்களுடைய நகக் கோடுகள் அகன்றும் கறுத்தும் பயமுறுத்தும், ஆனால் அநேகமாக எல்லாமே தீங்கற்றவை.

கோட்டுக்குள்ளும் ஒரே நிறம் இல்லை. கருப்பு, அடர் பழுப்பு, வெளிர் பழுப்பு என்று இழைகள் சமமில்லாமல் கிடந்தன. அப்புறம் நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் தோல். அதில் சீரற்ற பழுப்புக் கறை இரண்டு மி.மீ. அளவுக்குப் படர்ந்திருந்தது.

தோலில் படர்வதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இதை 1886இல் விவரித்தவர் ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அவர் பெயரிலேயே இந்த அடையாளம் வழங்குகிறது. நிறம் செய்யும் அணுக்களில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் நகத்தில் வந்தால், அதற்கு அவர் கறுப்பு நகச்சுத்தி என்ற பொருளில்தான் பெயர் வைத்தார், ஏனென்றால் பார்ப்பவர்கள் இதை நகச்சுத்தி என்றே நினைத்துவிடுவார்கள். நம்மூரில் நகச்சுத்தி என்றால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிடுகிறோம். சீழ் வைத்து விண்விண் என்று தெறிக்கும் நகச்சுத்தியிலிருந்து, வலியே இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்பது இங்கே ஆறுதலான செய்தி அல்ல.

ஆனால் தோல் கறுப்பாகத் தெரிகிறது என்று எல்லோரையும் பயமுறுத்தவும் கூடாது. நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு கண்ணாடி மாதிரி. கீழே இருக்கும் கோடு அதன் வழியாகத் தெரியும், தோலுக்கே நிறம் ஏறியதுபோல ஏமாற்றும். தவிர, நம் ஆட்களுக்கு விரல் நுனியில் நகத்தைச் சுற்றிய தோலே இயல்பாகக் கொஞ்சம் கறுப்புத்தான். அதற்கு எளிய வழி, இடது கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் இயல்பு. கோடு இருக்கும் விரலில் மட்டும், கோட்டின் தொடர்ச்சியாக, சிந்திய தேநீர் மாதிரி ஓரம் ஒழுங்கில்லாமல் படர்ந்திருந்தால் இயல்பு அல்ல. நகத்தின் நுனிக்குக் கீழே இருக்கும் தோலையும் திருப்பிப் பாருங்கள், அங்கும் படரலாம்.

அவருடன் அவர் மனைவியும் வந்திருந்தார். நான் நகத்தை இப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "எனக்கும் இருக்கு டாக்டர்" என்று இரண்டு கையையும் மேசைமேல் விரித்தார். ஆறு விரல்களில் நூல் மாதிரிக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.கூட இல்லை, ஒரே வெளிர் பழுப்பு. கடைசிப் பிள்ளை பிறந்த காலத்திலிருந்தே இருப்பதாகச் சொன்னார். மீன் விற்பவர், ஓயாமல் தண்ணீரில் கை; ஒரு நகத்தின் ஓரம் பிரிந்து அதற்குள் பச்சைக் கறுப்பு வேறு. அது ஈரத்தில் தங்கும் ஒரு கிருமியின் நிறம், மெலனின் அல்ல. அவர்தான் அன்றைக்கு அதிகம் பயந்துபோனார். அவருக்குச் செய்ய வேண்டியிருந்தது பிரிந்த நகத்தை வெட்டிவிட்டுக் கையை உலர்வாக வைப்பது மட்டுமே. கணவரை மதுரைக்கு அனுப்பினேன்.

அங்கே என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டாலும் இதுதான் நடக்கும். முதலில் டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, ரத்தத்தின் செவ்வூதா உருண்டைகள் தெரிகின்றனவா என்று அதில் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிஷ வேலை. அதில் சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி. விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு விரலை மரத்துப்போகச் செய்வார்கள். நகத்தின் அடிப்பாகத்தைக் கொஞ்சம் தூக்கி, தோலை விலக்கி, வேரில் நிறம் கிளம்பும் இடத்திலிருந்து மெல்லிய சீவல் எடுப்பார்கள். கோடு குறுகலாக இருந்தால் 3 மி.மீ. வட்டமாக ஒரு துளை போதும். பிறகு தைத்துக் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நகம் கொஞ்சம் மெலிந்தோ பிளந்தோ வளரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

சீவல் வேரிலிருந்து வர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வலைக்காரரே என்னிடம் வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே நகத்தின் நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பூஞ்சையாலும் நகம் கறுக்கும், நுனித் துண்டில் அதைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் நுனியில் இருப்பது செத்த நகம். அதில் நிறம் இருக்கும், நிறத்தைச் செய்கிற அணு இருக்காது. அதனால் அந்தத் துண்டில் கேன்சர் இல்லை என்று ஒரு தாள் வந்தால் அதற்கு மதிப்பில்லை. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வதும் உண்மை இல்லை. பயாப்சி எடுப்பதால் இது பரவுவதில்லை, எடுக்காமல் விட்டால்தான் அதற்கு நேரம் கிடைக்கிறது.

அவருக்கு வந்த முடிவு மெலனோமா, ஆனால் மேல்தோலுக்குள்ளேயே நிற்கும் கட்டம், கீழே இறங்கவில்லை. வேரோடும் படுக்கையோடும் நகம் முழுவதையும் எலும்புவரை எடுத்துவிட்டு, வேறு இடத்துத் தோலை வைத்து ஒட்டினார்கள். விரல் தப்பியது. கீழே இறங்கியிருந்தால் விரலின் முதல் கணுவை எடுக்க வேண்டி வரலாம், அக்குள் நெறிகளையும் பார்ப்பார்கள். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மி.மீ. கணக்கில் அளந்துதான் மேற்கொண்டு சிகிச்சையே. அடுத்த முறை வந்தபோது அவர் சொன்ன குறை, நகம் இல்லாத விரலால் இறுகிப்போன வலை முடிச்சை நெம்ப முடியவில்லை என்பது. இப்போது அதற்கு ஒரு முள்வாங்கியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டார், நீங்களும் கேட்பீர்கள்: வெயிலால் வந்ததா, உப்புத் தண்ணீரால் வந்ததா? நகத்து மெலனோமாவுக்கு வெயில் காரணமில்லை. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமாவே அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் என்று வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. உப்புத் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். வயது 50க்கு மேல், ஒரே விரல், அதுவும் வேலை செய்கிற கையின் கட்டைவிரல், புதிதாக வந்தது. நகத்து மெலனோமா அதிகம் வருவது கை கட்டைவிரலிலும் கால் பெருவிரலிலும்தான். இந்த நான்கும் சேர்ந்திருப்பதால்தான் பொறுக்கலாம் என்று நான் பொதுவாகச் சொல்லவில்லை. இதே கோடு உங்கள் 20 வயதுத் தங்கையின் நாலு விரலில் இருந்தால் பதில் வேறு. ஆனாலும் அம்மாவுக்கு இருப்பது ரத்தக்கட்டாகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதை முதலில் பார்த்துவிடலாம்.

வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கட்டும். மருதாணி வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். மருதாணிக் கறை நகத்தின் மேலே இருப்பது. அது வளர்ந்து நகரும்போது பின் விளிம்பு தோலின் வளைவைப் போலவே வளைந்திருக்கும், நெடுக்குக் கோடாக ஓடாது. காலையில் வாசற்படியில் வைத்து, பிளாஷ் போடாமல், பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து மூன்று படம்: மேலிருந்து ஒன்று, நுனியை நேராகப் பார்த்து ஒன்று, இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தில் கறுப்புக்குப் பின்னால் சுத்தமான நகம் தெரிந்து, கறுப்பு கோடாக இல்லாமல் திட்டாகவோ உருண்டையாகவோ இருந்து, ஓரத்தில் கொஞ்சம் சிவப்போ ஊதாவோ தட்டினால் ரத்தமாக இருக்கும். அப்படியானால் நாள் குறித்து வைத்துக்கொண்டு 4 வாரம் கழித்து அதே மாதிரி மறுபடி எடுக்கட்டும். இடைவெளி 2, 3 மி.மீ. கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால் நீங்கள் வருவதற்குள் பாதி நுனிக்குப் போயிருக்கும். கூடாமல் அங்கேயே நின்றால், அல்லது திட்டு நகர்ந்த பின்னால் அதே இடத்தில் கோடு மிச்சம் இருந்தால், ரத்தம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கட்டியிலிருந்தும் ரத்தம் கசியும் என்பதால், ரத்தம் இருக்கிறது என்பது மட்டும் விடுதலைச் சீட்டு ஆகாது.

கோடு தோலிலிருந்தே கிளம்பி நுனிவரை ஓடினால் 4 வாரம் பார்க்க வேண்டாம். அகலம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, அடியில் அகன்றிருந்தாலோ, தோலில் படர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் நகம் பிளந்திருந்தாலோ அவசரம் இன்னும் கூடுகிறது. நகம் பிளந்து, அடியில் சிவந்த சதை தள்ளி, தொட்டால் ரத்தம் வந்தால் கறுப்பே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். நகத்து மெலனோமாவில் ஒரு பங்கு நிறமே இல்லாமல் வருகிறது, ஆறாத புண் என்று கட்டுப்போட்டே நாள் போய்விடும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போகச் சொல்லுங்கள். பயாப்சி வரை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். டாக்டரிடம் "பாறையில் பட்டது" என்று அம்மா ஆரம்பிப்பார். கூடப் போகிறவர் கோடு முதலில் கண்ணில் பட்ட மாதத்தையும், அன்றைக்கு இருந்த அகலத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். முந்தைய கல்யாண வீட்டு போட்டோ எதிலாவது அந்தக் கட்டைவிரல் தெரிகிறதா என்று நீங்கள் உங்கள் போனில் தேடிப் பாருங்கள்; தாம்பாளம் பிடித்திருக்கும் படமாக இருந்தால் நகம் நன்றாகவே தெரியும்.